தேதி தெரியாம ஒத்திவைக்கிற நிகழ்ச்சிக்கு அறிவிப்பு எப்படி எழுதறது? டிக்கெட் பணத்தை என்ன சொல்றது?

வாய்க்கால்மேடு (இழை தொடங்கியவர்) · நவம்பர் 3, திங்கள் இரவு

வர்ற ஞாயிறு (9ஆம் தேதி) கோபியில ஒரு மண்டபத்துல அண்ணன்மார் கதை உடுக்கைப் பாட்டு வெச்சிருக்கோம். பள்ளிக்கூட நூலகத்துக்கு நிதி சேர்க்க. டிக்கெட் 200 ரூபாய், 320 வித்தாச்சு. இன்னைக்குக் காலைல முன்பாட்டுக்காரரோட அப்பா தவறிட்டாரு. நிகழ்ச்சி நடக்காது, அதுல பேச்சே இல்லை. காரியம் முடியாம அடுத்த தேதி கேட்கவும் முடியாது, கேட்கவும் கூடாது.

குழுவுல ஒருத்தர் எழுதின வரைவு இது:

"தவிர்க்க முடியாத காரணங்களால் நிகழ்ச்சி தற்காலிகமாக ஒத்திவைக்கப்படுகிறது. புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும். அதே டிக்கெட் செல்லும். ரசிகப் பெருமக்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம்."

எனக்கு இது பத்தலை. பணம் திரும்ப வேணும்னு நினைக்கிறவருக்கு இதுல ஒரு வார்த்தை இல்லை. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வெளியிடணும். சொல்லுங்க.

தறிக்காரன் திருப்பூர் · நவம்பர் 3, இரவு

இதுல என்னங்க குழப்பம்? ரத்துன்னா பணம் தரணும். ஒத்திவைப்புன்னா அதே டிக்கெட் செல்லும், பணம் தர வேண்டியதில்லை. டிக்கெட்டுலயே "பணம் திருப்பித் தரப்படமாட்டாது"ன்னு அச்சடிச்சிருப்பீங்கல்ல? அது போதும். இல்லைன்னா வேற குழுவைப் புடிச்சு அதே ஞாயித்துக்கிழமை நடத்திடுங்க.

உடுக்கைப் பிரியன் · நவம்பர் 3, இரவு

வேற குழுவா? ஏனுங்க, இது மெல்லிசைக் கச்சேரி இல்லீங்க. பொன்னர் சங்கர் கதையை அவர் பாடற வழி ஒண்ணு, இன்னொருத்தர் வழி வேற. முன்பாட்டும் பின்பாட்டும் வருசக்கணக்கா ஒண்ணாப் பாடிப் பழகியிருக்கணும். படுகளம் வர்றப்ப அழாதவங்க இல்லை. அந்தக் குரலுக்குத்தான் சனம் 200 ரூபாய் குடுத்திருக்கு.

வாய்க்கால்மேடு · நவம்பர் 3, இரவு

ஆமா, அவர் இல்லாம அது நாங்க அறிவிச்ச நிகழ்ச்சியே இல்லை. "பணம் திருப்பித் தரப்படமாட்டாது"ன்னு டிக்கெட்டுல போடலை. போட்டிருந்தாலும் அதைக் காட்டி 200 ரூபாயைப் புடிச்சு வெக்க எங்களுக்கு மனசு வராது.

பழைய கணக்குப்பிள்ளை, ஈரோடு · நவம்பர் 4, செவ்வாய் காலை

தறிக்காரர் சொன்னதுல பாதி சரி. புதுத் தேதிக்கு அதே டிக்கெட் செல்லும்னு சொல்றதுல தப்பில்லை, பெரும்பாலானவங்க அதைத்தான் விரும்புவாங்க. ஆனா டிக்கெட்டுங்கிறது ஒரு நாளுக்கும் ஒரு நேரத்துக்கும் வாங்கினது. அந்த நாளை மாத்தினது வாங்கினவர் இல்லை. அடுத்த தேதியில அவர் ஊர்லயே இல்லாமப் போகலாம்.

"பணம் வாபஸ் இல்லை"ன்னு அச்சடிச்சுட்டாக் கதை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. 2019ஆம் வருசத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, குறைபாடுள்ள சேவைக்கு வாங்கின பணத்தை ரசீதுல சொன்ன காலத்துக்குள்ள, அப்படி எதுவும் சொல்லலைன்னா 30 நாளுக்குள்ள, திருப்பித் தர மறுக்கிறதை முறையற்ற வணிக நடைமுறையில சேர்த்திருக்கு. ஒத்திவைப்பு அதுல வருமா வராதான்னு வக்கீல்கள் வாதாடட்டும். 200 ரூபாய்க்கு நீங்க அந்த வாசலுக்கே போகாம இருக்கறது நல்லது.

அறிவிப்பு எழுதறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. இன்னைக்கு எல்லாரும் பணம் கேட்டா, கையில எவ்வளவு இருக்கு?

வாய்க்கால்மேடு · நவம்பர் 4, காலை

ராத்திரியே பொருளாளரோட உட்கார்ந்து பார்த்தோம்.

இணையதளம் வழியா 140 டிக்கெட், 28,000. அது இன்னும் தளத்துக்காரங்ககிட்டதான் இருக்கு, நிகழ்ச்சி முடிஞ்சாத்தான் எங்க கணக்குக்கு வரும். பொருளாளரோட நம்பருக்கு ஜிபே, போன்பே பண்ணினவங்க 110 டிக்கெட், 22,000. கடைகள்ல ரொக்கமா 70 டிக்கெட், 14,000.

ஆகக் கைக்கு வந்தது 36,000. அதுல மண்டபத்துக்கு முன்பணம் 10,000, மைக் செட்டுக்கு 3,000, நோட்டீசு, பேனர், டிக்கெட் அச்சுக்கு 4,000 போயிடுச்சு. மிச்சம் 19,000. ஜிபேக்காரங்களும் கடையில வாங்கினவங்களும் மொத்தமாக் கேட்டா 17,000 குறையுது.

பழைய கணக்குப்பிள்ளை, ஈரோடு · நவம்பர் 4, காலை

இதான். பல இடத்துல அறிவிப்பு மழுப்பலா வர்றதுக்குக் காரணம் தமிழ் தெரியாம இல்லீங்க, பெட்டியில பணம் இல்லாமதான். 17,000 வர வழி இருந்தாத்தான் "கேட்டவர்களுக்குத் தருவோம்"னு எழுதலாம். எல்லாரும் கேட்கமாட்டாங்க, நான் பார்த்த வரைக்கும் கொஞ்சப் பேர்தான் கேட்பாங்க. ஆனா எல்லாரும் கேட்டாலும் குடுக்க முடியும்னு இருந்தாத்தான் அந்த வரியைத் தைரியமா முதல்ல போடலாம்.

மண்டபக்காரர்கிட்டயும் மைக் செட்காரர்கிட்டயும் இன்னைக்கே பேசி, முன்பணம் அடுத்த தேதிக்குச் செல்லும்னு எழுதி வாங்கிருங்க. வாய்ப்பேச்சு வேண்டாம்.

பொள்ளாச்சி அம்மணி · நவம்பர் 4, மதியம்

மண்டப முன்பணம்னதும் கேட்கறேன். எங்க பொண்ணு கல்யாணத்தைத் தை மாசத்துக்குத் தள்ளி வெச்சோம், மண்டபத்துல முன்பணம் தர மாட்டேங்கறாங்க, வேற தேதியும் தரமாட்டேங்கறாங்க. நாங்களும் அறிவிப்புக் குடுக்கணுமா?

பழைய கணக்குப்பிள்ளை, ஈரோடு · நவம்பர் 4, மதியம்

அம்மணி, உங்க சங்கதி வேறங்க. அங்க தேதியை மாத்தினது நீங்க, பணம் கட்டினதும் நீங்க. ரசீதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. அதே நாளுக்கு மண்டபத்தை வேற ஆளுக்கு விட்டாங்களான்னும் விசாரிங்க. விட்டிருந்தா அவங்களுக்கு நட்டமே இல்லை, அதைச் சொல்லி எழுத்துல கேளுங்க. மேற்கொண்டு வேணும்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாய்க்கால்மேடு · நவம்பர் 4, சாயங்காலம்

மண்டபம் சரின்னு எழுதிக் குடுத்துட்டாங்க. மைக் செட்காரர் எழுத்தெல்லாம் எதுக்குங்க, உங்ககிட்ட வாங்கினதை வேற எங்கயும் கொண்டுட்டுப் போகமாட்டேன்னாரு. 17,000 ரூபாயைக் குழுவுல இருக்கறவங்க பங்கு போட்டுக் கடனா வெக்கறோம், நிகழ்ச்சி நடந்தப்புறம் எடுத்துக்குவோம்.

அடுத்தது எனக்கு முக்கியமாப் படறது. தேதியே சொல்லாம "இந்த மாசம் 15க்குள்ள சொல்லுங்க, இல்லாட்டி டிக்கெட் அடுத்ததுக்குச் செல்லும்"னு போட்டா அது நியாயமா? அடுத்த நிகழ்ச்சி மார்கழியிலயா தையிலயான்னே தெரியாம ஒருத்தர் எப்படி முடிவு பண்ணுவாரு? அதனால ரெண்டு தடவை வாய்ப்புக் குடுக்கலாம்னு நினைக்கறேன். இப்பவே வேணுங்கறவங்க இப்பக் கேட்டு வாங்கிக்கலாம். காத்திருக்கறவங்களுக்குப் புதுத் தேதி சொன்னப்புறம் இன்னொரு 10 நாள். ஒண்ணுமே சொல்லாதவங்க டிக்கெட் தானாவே புதுத் தேதிக்குச் செல்லும்.

தறிக்காரன் திருப்பூர் · நவம்பர் 4, இரவு

ரெண்டு தடவையா? சோலி நெம்ப எச்சா ஆகுமே. ஆனா ஒண்ணு சொல்றேன். போன வருசம் எங்க பக்கம் ஒரு ஓட்டப் போட்டிக்குக் காசு கட்டியிருந்தேன். கடைசி நேரத்துல தள்ளிப்போட்டாங்க. அடுத்த தேதி எப்பன்னு கேட்டா பதிலில்லை. கடைசில "அடுத்த வருசத்துக்கு உங்க பதிவு செல்லும்"னாங்க. அதுக்குள்ள எனக்கு முட்டி போயிடுச்சு. அன்னைக்கு யாராச்சும் "இந்தத் தேதி ஒத்துவருதா, இல்லை காசு வேணுமா"ன்னு கேட்டிருந்தா மனசு ஆறியிருக்கும். நீங்க சொல்ற ரெண்டு தடவை சரிதான்.

பழைய கணக்குப்பிள்ளை, ஈரோடு · நவம்பர் 4, இரவு

தேதியே வராமப் போச்சுன்னா? அதுக்கும் ஒரு கெடு வெச்சிருங்க. "ஜனவரி 31க்குள் புதிய தேதி அறிவிக்க இயலாவிட்டால், யாரும் கேட்காமலே எல்லோருக்கும் பணம் திருப்பித் தரப்படும்." இந்த ஒரு வரி இருந்தாத்தான் காத்திருக்கறவருக்கு நம்பிக்கை.

ஜிபே சமாச்சாரத்துல கவனமா இருங்க. பொருளாளரோட சொந்தக் கணக்குக்கு வந்த பணத்துக்குத் திருப்பி அனுப்புற பொத்தான் எதுவும் கிடையாது, ஒவ்வொண்ணாப் புதுசா அனுப்பணும். எத்தனை டிக்கெட்டுன்னு எண்ணாதீங்க, எத்தனை தடவை பணம் வந்திருக்குன்னு எண்ணுங்க.

வாய்க்கால்மேடு · நவம்பர் 4, இரவு

110 டிக்கெட்டுக்கு 62 தடவை வந்திருக்கு. ஒருத்தரே எட்டு டிக்கெட் எடுத்ததும் இருக்கு.

பழைய கணக்குப்பிள்ளை, ஈரோடு · நவம்பர் 4, இரவு

ஒரு கணக்குல இருந்து ஒரு நாளைக்கு 20 தடவைக்கு மேல போகாதுன்னு ஜிபே மாதிரி செயலிகள்ல ஒரு வரம்பு இருக்கு. 62ன்னா நாலு நாள், அதுவும் அவர் அந்த நாள்ல பால்காரருக்குக்கூட ஜிபே பண்ணலைன்னா. அதனால "மூன்று நாட்களுக்குள்"னு எழுதிப்போட்டு மாட்டிக்காதீங்க. "கேட்ட நாளிலிருந்து 7 நாட்களுக்குள்"னு எழுதி, நாலு நாள்ல குடுத்தா சனம் சந்தோசப்படும்.

பணம் எந்த நம்பர்ல இருந்து வந்துச்சோ அதே நம்பருக்குத்தான் போகணும். "என் மச்சான் நம்பருக்குப் போடுங்க"ன்னு வந்தா வேண்டாம்னு சொல்லிருங்க. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 12 இலக்கக் குறிப்பு எண் இருக்கும், வந்ததுக்கும் போனதுக்கும் ரெண்டையும் ஒரே தாள்ல பக்கத்துப் பக்கத்துல எழுதி வெச்சாப் பின்னாடி வழக்கே வராது.

இதை விட முக்கியம் ஒண்ணு. பணம் திருப்பித் தர்றாங்கன்னு சேதி போனதும் திருட்டுப்பயலுக கிளம்பிருவானுக. "நிகழ்ச்சிக் குழுவுல இருந்து பேசறோம், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துரும்"பானுக. பணம் வாங்கறதுக்குப் பின் தேவையே இல்லை, பின் போட்டா நம்ம பணம்தான் போகும். அதை அறிவிப்புலயே எழுதுங்க. ஏமாந்தவங்க உடனே கூப்பிட வேண்டிய எண் 1930.

வாய்க்கால்மேடு · நவம்பர் 5, புதன் விடிகாலை

துக்க வீட்டுக்குப் போயிட்டு வந்தோம். அறிவிப்புல காரணத்தைச் சொல்லலாமான்னு அவரோட தம்பிகிட்ட மட்டும் தனியாக் கேட்டேன். "அப்பா தவறினதுன்னே போடுங்க, அவரும் பின்பாட்டுப் பாடினவருதான்"னாரு. அதனால தவிர்க்க முடியாத காரணம்கிற வரி போச்சு. வீட்டுல வேண்டாம்னு சொல்லியிருந்தா "குழுவினர் இல்லத்தில் நேர்ந்த துயரம்"னு நிறுத்தியிருப்போம், அதுக்கு மேல தோண்டற உரிமை டிக்கெட் வாங்கினவருக்கும் இல்லை.

அங்க கேள்விப்பட்டது இன்னொண்ணு. எங்க நோட்டீசுல கீழ கலைஞரோட போன் நம்பரும் இருக்கு, வேற ஊர்க்காரங்க அவரைக் கூப்பிடறதுக்காகப் போட்டது. செய்தி பரவினதும் ரெண்டு பேர் அந்த நம்பருக்கே கூப்பிட்டு டிக்கெட் காசு என்னாச்சுன்னு கேட்டிருக்காங்க. கேதத்து வீட்டுல! கேட்டவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, நோட்டீசுல இருந்த நம்பர் அதுதான். அறிவிப்பு தாமதமாகற ஒவ்வொரு மணி நேரமும் அந்த வீட்டுக்குத்தான் தொந்தரவு. புது அறிவிப்புல எங்க ரெண்டு பேர் நம்பர் மட்டும், பெரிய எழுத்துல வரும்.

உடுக்கைப் பிரியன் · நவம்பர் 5, காலை

பழைய போஸ்டர் மேல சிவப்புல "ஒத்திவைப்பு"ன்னு குத்தி வாட்ஸப்புல விடாதீங்க. அதுல அவர் உடுக்கை தூக்கிச் சிரிச்சுட்டு நிக்கறாரு. அந்தப் படத்தோட அப்பா செத்த சேதியைப் போடக்கூடாது. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, படமே வேண்டாம்.

தறிக்காரன் திருப்பூர் · நவம்பர் 5, காலை

நூலகத்துக்குத்தானே இந்தக் காசு. "பணத்தைத் திரும்பப் பெற விரும்பாதோர் நன்கொடையாக வழங்கலாம்"னு ஒரு வரி போட்டா பாதிப் பேர் விட்டுருவாங்கல்ல?

வாய்க்கால்மேடு · நவம்பர் 5, காலை

விடறவங்க விடுவாங்க, ஆனா அந்த வரியைப் போடறதா இல்லை. துக்கச் சேதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல நின்னுட்டு 200 ரூபாயைத் திருப்பிக் கேட்கறவருக்குக் கூச்சம் வந்துரும். நம்பியூர்ல இருந்து குடும்பத்தோட நாலு டிக்கெட் எடுத்தவருக்கு 800 ரூபாய் சின்னத் தொகையில்லை. தானா வந்து "வெச்சுக்குங்க"ன்னு சொல்றவருக்கு ரசீது போட்டுக் குடுப்போம்.

அதே மாதிரி, "ரசிகப் பெருமக்கள்", "மனப்பூர்வமாக"ன்னு அடுக்கறதையும் எடுத்துட்டேன். துக்கத்தையும் பணத்தையும் ஒரே வாக்கியத்துல கோக்கக்கூடாதுன்னு வெச்சிருக்கேன். முதல் பத்தி சேதி, ரெண்டாவது பத்தியில இருந்து பணம்.

பொள்ளாச்சி அம்மணி · நவம்பர் 5, மதியம்

கடையில ரொக்கமா வாங்கி டிக்கெட்டைத் தொலைச்சவங்க என்னங்க பண்ணுவாங்க? நான்னா கண்டிப்பாத் தொலைச்சிருப்பேன்.

தறிக்காரன் திருப்பூர் · நவம்பர் 5, மதியம்

டிக்கெட் இல்லைன்னா காசு இல்லைங்க. இல்லாட்டி ஊரே வந்து நிக்கும்.

வாய்க்கால்மேடு · நவம்பர் 5, மதியம்

அம்மணி கேட்டது நல்ல கேள்வி. அடிக்கட்டையைப் பார்த்தேன். 70ல 51க்குப் பேரும் போன் நம்பரும் எழுதி வாங்கியிருக்காங்க கடைக்காரங்க. அவங்க டிக்கெட் தொலைச்சிருந்தாலும் அடிக்கட்டையைப் பார்த்துக் குடுத்துரலாம், கையெழுத்து வாங்கிக்கிட்டு. மிச்சம் 19க்கு டிக்கெட்டைக் கொண்டு வந்தாத்தான் வழி.

கடைக்காரங்களுக்கு அவங்க வித்த கணக்குக்குச் சரியா முன்கூட்டியே ரொக்கம் குடுத்து வெக்கறோம். "நாளைக்கு வாங்க"ன்னு அவங்க சொல்ற மாதிரி விடக்கூடாது, அவங்க நமக்காகத்தான் வித்துக் குடுத்தாங்க.

வாய்க்கால்மேடு · நவம்பர் 5, சாயங்காலம்

வெளியிட்டது இதுதான்:

> அறிவிப்பு
>
> நவம்பர் 9, ஞாயிறு மாலை கோபியில் நடக்கவிருந்த அண்ணன்மார் கதை உடுக்கைப் பாட்டு நிகழ்ச்சி ஒத்திவைக்கப்படுகிறது. முன்பாட்டுக் கலைஞரின் தந்தையார் நவம்பர் 3 அன்று காலமானார். அவரும் இக்கலையைப் பாடி வளர்த்தவர். குடும்பத்தாரின் துயரில் நாங்களும் பங்கு கொள்கிறோம்.
>
> காரியங்கள் முடிந்த பின், கலைஞரைக் கேட்டே புதிய தேதி முடிவு செய்யப்படும். உங்கள் டிக்கெட் அந்தத் தேதிக்குச் செல்லும். அதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.
>
> பணம் திரும்ப வேண்டுவோர் காரணம் சொல்லத் தேவையில்லை. நவம்பர் 30 வரை கேட்கலாம். புதிய தேதியை அறிவித்த பின்னும் 10 நாட்கள் கேட்கலாம். ஜனவரி 31க்குள் புதிய தேதி அறிவிக்க இயலாவிட்டால், கேட்காமலே அனைவருக்கும் பணம் திருப்பித் தரப்படும்.
>
> ஜிபே, போன்பே வழியாக வாங்கியோர்: கீழுள்ள எண்ணுக்கு, பணம் அனுப்பிய எண்ணிலிருந்து ஒரு செய்தி அனுப்புங்கள். 7 நாட்களுக்குள் அதே எண்ணுக்குப் பணம் வரும். கடையில் வாங்கியோர்: அதே கடையில் டிக்கெட்டைக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். டிக்கெட் தொலைந்திருந்தால் எங்களை அழையுங்கள். இணையதளத்தில் வாங்கியோர்: டிக்கெட் விலை 200 ரூபாய் முழுவதும் தளம் வழியாகவே திரும்பும். தளத்தின் சேவைக் கட்டணம் அவர்கள் விதிப்படி.
>
> பணம் தருவதற்காக நாங்கள் யாரிடமும் பின், ஓடிபி கேட்க மாட்டோம். க்யூஆர் அனுப்ப மாட்டோம்.
>
> பழைய நோட்டீசில் உள்ள கலைஞரின் எண்ணுக்கு அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கீழே எங்க ரெண்டு பேர் நம்பர், கூப்பிட வேண்டிய நேரம். தாள்ல அச்சடிச்சு டிக்கெட் வித்த கடைகள்லயும், சத்தி, அந்தியூர் பஸ் நிக்கற இடத்துலயும் ஒட்டியாச்சு. கைபேசிக் குழுவுல இல்லாத பெரியவங்க நிறைய.

பழைய கணக்குப்பிள்ளை, ஈரோடு · நவம்பர் 5, இரவு

நல்லாருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மண்டப வாசல்ல ரெண்டு பேர் நில்லுங்க. சேதி தெரியாம யாராச்சும் வருவாங்க.

வாய்க்கால்மேடு · நவம்பர் 9, ஞாயிறு இரவு

வந்தாங்க. அந்தியூர்ப் பக்கம் இருந்து ஒரு பெரியவர், பேரனோட. டீ வாங்கிக் குடுத்துச் சேதியைச் சொன்னோம். பணம் வேண்டாம், தேதியை மட்டும் சொல்லி விடுங்கன்னு பேரன் நம்பரைக் குடுத்துட்டு, "அந்த அப்பன் பாடி நான் கேட்டிருக்கறேன்"னாரு. இன்னொரு குடும்பம் அங்கயே 600 ரூபாய் கேட்டாங்க, அடிக்கட்டையைப் பார்த்துக் குடுத்துட்டோம்.

இது வரைக்கும் ஜிபேல 14 பேர், கடையில 9 டிக்கெட். இணையத்துல எத்தனைன்னு தளத்துக்காரங்க இன்னும் சொல்லலை.

தறிக்காரன் திருப்பூர் · நவம்பர் 10, திங்கள் காலை

அந்தச் சேவைக் கட்டணம் மட்டும் எனக்கு ஒத்துக்கலைங்க. கடையில வாங்கினவருக்கு முழுசும் வருது. இணையத்துல வாங்கினவருக்கு மட்டும் ஏன் குறையணும்? அதையும் நீங்களே குடுத்தா என்ன?

பழைய கணக்குப்பிள்ளை, ஈரோடு · நவம்பர் 10, காலை

அது குழுவுக்கு வந்த பணமே இல்லையே. தளம் வாங்கினது, தளம்தான் தரணும். நூலகக் காசுல இருந்து அதைக் கட்டறது சரியில்லை.

வாய்க்கால்மேடு · நவம்பர் 10, மதியம்

குழுவுலயும் இதுல ரெண்டு கட்சியா நிக்கறோம். வாங்கினவர் கண்ணுக்கு டிக்கெட்டுக்குக் குடுத்த காசு எல்லாம் ஒண்ணுதான்ங்கறது என் பக்கம். தளத்துக்கு எழுதிக் கேட்டிருக்கோம். அவங்க தரலைன்னா எங்க கையில இருந்து போட்டாவது குடுக்கலாம்னு நான் சொல்றேன், பொருளாளர் ஒத்துக்கலை. புதன்கிழமை கூட்டம் வெச்சிருக்கோம்.